ஒரே டெக்கில் மூன்று விற்பனை எண்கள்: சுருக்கத்தில் எதைப் போடுவது?

*பெங்களூரு பெல்லந்தூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனி மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு விற்கிறது. ஜூலை–செப்டம்பர் 2025 ரிவியூ டெக்கில் 22 ஸ்லைடு இருக்கிறது. விற்பனை 3-ஆம் ஸ்லைடில் 48.6 கோடி, 7-இல் 52.9 கோடி, 11-இல் 41.2 கோடி. வளர்ச்சி ஓரிடத்தில் 8%, இன்னோரிடத்தில் 12%. ரிட்டர்னும் 8.1%, 8.8% என்று இரண்டு விதம். மும்பையிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். மேனேஜர் ஒரு பக்கச் சுருக்கம் கேட்கிறார். எந்த எண்ணை நம்புவது? டெக்கை அனுப்பியிருக்கிறேன்.*

டெக்கைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மூன்று விற்பனை எண்களும் அநேகமாகச் சரியானவைதான். உண்மையான தப்பு நீங்கள் கேட்காத 12-ஆம் ஸ்லைடில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எந்த எண்ணை நம்புவது என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். அதில் ஆரம்பித்தால் பெரும்பாலும் எந்த எண் அதிக ஸ்லைடுகளில் வருகிறதோ, அல்லது எது பெரிய அதிகாரி காட்டும் ஸ்லைடில் இருக்கிறதோ, அதில்தான் போய் நிற்போம். ஒரு தப்பான எண்ணை நாலு பேர் காப்பி செய்திருந்தால் அது நாலு இடத்தில் வரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு எண்ணிடமும் நான்கு விஷயம் கேளுங்கள். எதை எண்ணியது, எந்தக் காலத்துக்கு, எந்தத் தேதியில் எடுத்தது, சதவீதமாக இருந்தால் எதன் மேல் கணக்கிட்டது. இரண்டு எண்கள் முரண்பட்டால் இந்த நான்கில் ஏதோ ஒன்று வேறாக இருக்கும். நான்கும் ஒன்றாக இருந்தும் எண் வேறு என்றால்தான் அது தப்பு.

இதற்கு ஒரு எக்செல் தாள் போதும். ஸ்லைடு எண், ஸ்லைடில் உள்ள வாசகம் அப்படியே, எண், அலகு, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கான பதில், எண்ணைக் கொடுத்தவர் யார். எல்லா ஸ்லைடையும் ஏற்றிய பிறகு, ஸ்லைடு வரிசையில் இல்லாமல் பொருள் வரிசையில் அடுக்குங்கள். விற்பனை எண்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்று, ஆர்டர் எண்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்று. 3-ஆம் ஸ்லைடுக்கும் 17-ஆம் ஸ்லைடுக்கும் நடுவே பதினைந்து நிமிடப் பேச்சு இருப்பதால் கூட்டத்தில் யாரும் கவனிக்காத முரண், அடுத்தடுத்த வரியில் வந்தால் கண்ணில் குத்தும்.

எண்களைப் பொறுக்கும்போது பவர்பாயிண்டின் Outline View-ஐ மட்டும் நம்பாதீர்கள். அதில் தலைப்பும் முதன்மைப் பெட்டியும்தான் தெரியும். தனியாக இழுத்துவைத்த டெக்ஸ்ட் பாக்ஸ், சார்ட், படம் எதுவும் வராது. சார்ட் என்றால் வலது கிளிக் செய்து Edit Data திறந்து பாருங்கள். மேலே 41 என்று இருப்பது உள்ளே 41.2 ஆக இருக்கலாம். படமாக ஒட்டிய சார்ட்டில் அந்த வழியும் இல்லை. அது எடுக்கப்பட்ட நாளிலேயே உறைந்து நிற்கும். உங்கள் 18-ஆம் ஸ்லைடு அப்படிப்பட்டது. அப்புறம் மறைத்துவைத்த ஸ்லைடுகளையும் பேச்சாளர் குறிப்புகளையும் திறந்து பாருங்கள். உங்கள் 5-ஆம் ஸ்லைடில் ஆர்டர் 1.08 லட்சம் என்று மட்டும் இருக்கிறது. போடப்பட்ட மொத்த ஆர்டர் 1.18 லட்சம் என்ற விவரம் அதன் குறிப்பில்தான் கிடக்கிறது. இந்த ஒரு வரி பின்னால் ரொம்ப உதவும்.

இப்போது விற்பனைக்கு வருவோம்.

இரண்டு எண்கள் மோதும்போது நான் முதலில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பேன், பிறகு ஒன்றை ஒன்றால் வகுப்பேன். வித்தியாசம் டெக்கில் வேறெங்காவது ஒரு எண்ணாகத் தலைகாட்டுகிறதா என்று கழித்தலில் தெரியும். வகுத்தலில் ஏதாவது தெரிந்த விகிதம் வருகிறதா என்று பார்க்கலாம்.

52.9-இலிருந்து 48.6 போனால் 4.3. உங்கள் 15-ஆம் ஸ்லைடில் ரத்தும் ரிட்டர்னும் சேர்த்து 4.3 கோடி என்று இருக்கிறது. ஆக 52.9 என்பது போடப்பட்ட எல்லா ஆர்டர்களின் மதிப்பு. 48.6 என்பது ரத்தும் ரிட்டர்னும் போக நின்ற விற்பனை.

அடுத்து `=48.6/41.2`. விடை 1.1796. இதைப் பார்த்ததும் ஜிஎஸ்டி ஞாபகம் வர வேண்டும். மிக்ஸிக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் 18%தான், ஆகவே வரியோடு உள்ள தொகை வரியில்லாத தொகையைப்போல 1.18 மடங்கு இருக்கும். 1.1796 சரியாக 1.18 இல்லையே என்று கேட்கலாம். 48.6 என்று எழுதியது 48.55-க்கும் 48.65-க்கும் நடுவே எதுவாகவும் இருக்கலாம், 41.2-உம் அப்படித்தான். இரண்டு ஓரங்களையும் வைத்து வகுத்தால் விகிதம் 1.177-இலிருந்து 1.182 வரை போகும். 1.18 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆக 11-ஆம் ஸ்லைடின் நகரவாரி அட்டவணையைத் தயாரித்தவர் ஃபைனான்ஸ் டீமிடமிருந்து வரி நீங்கிய எண்ணை வாங்கியிருக்கிறார், 3-ஆம் ஸ்லைடுக்காரர் ஆர்டர் டேஷ்போர்டிலிருந்து வரியோடு உள்ள எண்ணை எடுத்திருக்கிறார். 5% வரியுள்ள பொருளும் கலந்து விற்கிற கம்பெனியாக இருந்தால் விகிதம் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அப்போது பொருள்வாரியாக வரியைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊகம்தான். எண்கள் பொருந்துகின்றன என்பதாலேயே காரணம் உறுதியாகிவிடாது. ஸ்லைடு தயாரித்தவரிடம் போய்க் கேட்டுவிடுங்கள். "உங்க நம்பர் தப்பா?" என்று கேட்டால் சண்டைதான் வரும். "சார், 3-ஆவது ஸ்லைடுல இருக்கிற 48.6 ஜிஎஸ்டியோடவா, இல்லாமலா? ரிட்டர்ன் கழிச்சாச்சா?" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வந்துவிடும். ரிட்டர்னைப் பற்றி இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். அந்த 4.3 கோடி, ஜூலை முதல் செப்டம்பர் வரை திரும்பி வந்த சரக்கா, அல்லது அந்த மாதங்களில் போட்ட ஆர்டரில் திரும்பியதா? இரண்டாவது என்றால் செப்டம்பர் கடைசியில் விற்றது அக்டோபரில் திரும்பும்போது எண் இன்னும் நகரும். அப்படியானால் எந்தத் தேதி நிலவரம் என்பதைச் சுருக்கத்திலேயே எழுத வேண்டும்.

மூன்றும் சரி என்றால் எது தலைப்பில் வர வேண்டும்? என் பதில் 41.2. உங்கள் மேனேஜருக்கு 48.6தான் பிடிக்கும் என்று தெரியும். ஆனால் 3-ஆம் ஸ்லைடு அதை வருவாய் என்று சொல்கிறது, சிக்கல் அங்கேதான். ஜிஎஸ்டி அரசாங்கத்துக்காக நீங்கள் வசூலித்துக் கொடுக்கும் பணம், கம்பெனியின் வருவாயில் அது சேராது. கணக்குத் தரநிலை இந்த் ஏஎஸ் 115, பிறருக்காக வசூலிக்கும் தொகையை வருவாயிலிருந்து நேராகவே விலக்குகிறது. வருகிறவர்கள் முதலீட்டாளர்கள். தணிக்கை செய்த கணக்கையும் ஜிஎஸ்டி ரிட்டர்னையும் வாங்கி ஒப்பிடுவார்கள், அவற்றில் வரி தனியாகத்தான் இருக்கும். ஒப்பிடும்போது தலைப்பு எண் 18% பெரிதாகத் தெரிந்தால் ஊதிக்காட்டியதாகத்தான் நினைப்பார்கள். 48.6-ஐ விட்டுவிட வேண்டாம், "வாடிக்கையாளர் செலுத்திய தொகை" என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ரிட்டர்ன் சதவீதத்தில் மேலே உள்ள தொகை ஒன்றுதான், கீழே உள்ளது வேறு. 4.3-ஐ 52.9-ஆல் வகுத்தால் 8.1%, 48.6-ஆல் வகுத்தால் 8.8%. போட்ட ஆர்டரில் எவ்வளவு ரத்தாகவும் ரிட்டர்னாகவும் போனது என்பதுதான் கேள்வி என்றால், போனதும் சேர்ந்த மொத்தத்தின் மேல்தான் கணக்கிட வேண்டும். 8.1%-ஐ வைத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் ஸ்லைடில் 8.8%-ஐ மாற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் அதன் அடித்தொகையிலிருந்து ரிட்டர்ன் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது.

வளர்ச்சி இரண்டும் சரி. 8% என்பது ஏப்ரல்–ஜூன் காலாண்டின் 45 கோடியோடு ஒப்பிட்டது. 12% என்பது சென்ற ஆண்டு ஜூலை–செப்டம்பரின் 43.4 கோடியோடு ஒப்பிட்டது. மூன்று தொகையும் வரியோடு இருப்பதால் வரியை நீக்கினாலும் சதவீதம் மாறாது. இரண்டையும் போடலாம், எதோடு ஒப்பிட்டது என்று எழுதினால் போதும். 12%-ஐப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம். 2024-இல் விஜயதசமி அக்டோபர் 12, 2025-இல் அக்டோபர் 2. தசராவுக்கு முந்தைய வாங்கலில் ஒரு பகுதி இந்த முறை செப்டம்பருக்குள் வந்திருக்கும். மிக்ஸி விற்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. முதலீட்டாளர்களில் யாராவது கேட்டால் பதில் கையில் இருக்கட்டும்.

8-ஆம் ஸ்லைடில் சொந்தத் தளம் 34%, பிற தளங்கள் 39%, கடைகள் 28% என்று கூட்டினால் 101 வருகிறது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். தொகைகள் 16.3, 18.8, 13.5. கூட்டினால் 48.6 சரியாக வருகிறது, சதவீதத்தை முழு எண்ணாக்கியதில் ஒன்று ஏறிவிட்டது. மூன்று எண்களை முழுமையாக்கும்போது ஒன்று கூடுவதும் குறைவதும் சகஜம். மூன்று கூடியிருந்தால் அதை இப்படி விளக்க முடியாது. 100 வர வேண்டும் என்பதற்காக ஒன்றைக் கள்ளத்தனமாகக் குறைக்காமல், கீழே ஒரு வரிக் குறிப்புப் போடுங்கள்.

சரி, இப்போது 12-ஆம் ஸ்லைடு. சராசரி ஆர்டர் மதிப்பு ₹4,900 என்கிறது. இந்த எண் டெக்கில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதனால் எதோடும் நேரடியாக மோதவில்லை, யார் கண்ணிலும் படவில்லை. இந்த மாதிரி எண்ணைப் பிடிக்க அதைப் பின்னோக்கிப் பெருக்கிப் பார்க்க வேண்டும். சராசரி என்றால் ஒரு மொத்தத்தை ஒரு எண்ணிக்கையால் வகுத்தது. டெக்கில் உள்ள எண்ணிக்கையால் பெருக்கினால் டெக்கில் உள்ள மொத்தம் வர வேண்டும். 4,900 × 1.08 லட்சம் = 52.92 கோடி. 48.6 வந்திருக்க வேண்டிய இடத்தில் 52.9 வருகிறது. யாரோ போடப்பட்ட எல்லா ஆர்டரின் மதிப்பை, நின்ற ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார். மேலே ரிட்டர்ன் இருக்கிறது, கீழே இல்லை.

இதை விளக்கிச் சமாளிக்க முடியாது, திருத்தத்தான் வேண்டும். 48.6 கோடியை 1.08 லட்சத்தால் வகுத்தால் ₹4,500. இல்லாவிட்டால் 52.9 கோடியை, அந்தக் குறிப்பில் கிடந்த 1.18 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய ₹4,480. இரண்டு முறைகளும் நியாயமானவை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. 4,900 எந்த நியாயமான முறையிலும் வராது.

கடைசியாக மிச்சம் இருப்பது 18-ஆம் ஸ்லைடு. கடை விற்பனை அந்தப் படத்தில் 13.1, 8-ஆம் ஸ்லைடில் 13.5. வித்தியாசம் 0.4 கோடி. டெக்கில் எங்கும் இந்த 0.4 தனியாக வரவில்லை, வகுத்தாலும் தெரிந்த விகிதம் கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் கடைசி வாரக் கணக்கைத் தாமதமாக அனுப்பியிருக்கலாம், அதற்கு முன்பே படம் எடுத்திருக்கலாம். ஆனால் அது என் ஊகம்தான். படத்தை ஒட்டியவரிடம் எந்தத் தேதியில் எடுத்தது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் விடை கிடைக்கவில்லை என்றே சுருக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே 13.3 என்று சராசரி போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் பில்லும் இருக்காது.

போகிற போக்கில் ஒன்று. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள். 48.6-ஐ 46.8 என்று தட்டினால் வித்தியாசம் 1.8, புள்ளியை விட்டுப் பார்த்தால் 18. பழைய கணக்குப்பிள்ளைகளின் சோதனை இது. தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு முறை வகுபடும் என்பதால் சந்தேகத்துக்கு மட்டும் பயன்படும். உங்கள் டெக்கில் அந்தப் பிழை இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு சுருக்கம் எழுதுவது கஷ்டமில்லை. எண்ணைத் தலையில் போட்டு, மற்ற எண்களிலிருந்து அதற்கு வரும் வழியை ஒரே பத்தியில் காட்ட வேண்டும். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> ஜூலை–செப்டம்பர் 2025-இல் நிகர விற்பனை, ஜிஎஸ்டி நீங்கலாக, ₹41.2 கோடி. இது முந்தைய காலாண்டைவிட 8%, சென்ற ஆண்டு இதே காலாண்டைவிட 12% அதிகம். இவ்வாண்டு தசரா பத்து நாள் முன்னதாக வந்தது.
>
> போடப்பட்ட ஆர்டர்களின் மதிப்பு ₹52.9 கோடி (ஸ்லைடு 7). அதில் ரத்தும் ரிட்டர்னும் ₹4.3 கோடி, அதாவது 8.1%. மீதி ₹48.6 கோடி வாடிக்கையாளர் செலுத்திய தொகை (ஸ்லைடு 3). அதில் ஜிஎஸ்டி ₹7.4 கோடி போக ₹41.2 கோடி (ஸ்லைடு 11).
>
> நின்ற ஆர்டர்கள் 1.08 லட்சம். சராசரி ஆர்டர் மதிப்பு ஜிஎஸ்டியோடு ₹4,500. ஸ்லைடு 12-இல் இருந்த ₹4,900 திருத்தப்பட்டது.
>
> கடை விற்பனை ஜிஎஸ்டியோடு ₹13.5 கோடி (ஸ்லைடு 8). ஸ்லைடு 18-இல் உள்ள ₹13.1 கோடியோடு வரும் ₹0.4 கோடி வித்தியாசம் சரிபார்க்கப்படுகிறது.

52.9-இலிருந்து 41.2 வரை இறங்கும் அந்த இரண்டாம் பத்திதான் இதில் முக்கியம். படிக்கிறவர் டெக்கில் எந்த ஸ்லைடைத் திறந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் அது இந்த வழியில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஜிஎஸ்டி 7.4 என்பதை நான் கழித்துப் பெற்றேன், நீங்கள் ஃபைனான்ஸிடம் உண்மையான வரித் தொகையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அவர்கள் 7.1 என்று சொன்னால் என் ஜிஎஸ்டி ஊகம் முழுசாகச் சரியில்லை, நடுவே 0.3 கோடிக்கு வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். தள்ளுபடிக் கூப்பனாகவோ டெலிவரிக் கட்டணமாகவோ இருக்கலாம்.

சுருக்கத்தைத் திருத்திவிட்டு டெக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். சுருக்கத்தில் 4,500, திரையில் 4,900 என்று வந்தால் நீங்கள் தீர்த்துவைத்த முரண் புதிதாகப் பிறக்கும். 3-ஆம் ஸ்லைடில் பெயர், 12, 13, 17-இல் எண், 18-இல் படம், 8-இல் அடிக்குறிப்பு, இவ்வளவுதான் வேலை. ஸ்லைடு உங்களுடையது இல்லையென்றால் நீங்களே கைவைக்காமல், உரியவருக்கு எழுதிக் கேட்டு அவரையே மாற்றச் சொல்லுங்கள். அவர் எக்செல்லில் திருத்தாவிட்டால் அடுத்த காலாண்டில் அதே 4,900 முறை திரும்ப வரும்.

13-ஆம் ஸ்லைடையும் விட்டுவிடாதீர்கள். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு ₹540, ஆர்டர் மதிப்பில் 11% என்று அதில் இருக்கிறது. 540-ஐ 4,900-ஆல் வகுத்து வந்த 11 அது. 4,500 என்று திருத்தியதும் 12% ஆகிவிடும். நீங்கள் தலைப்பில் வரியில்லாத விற்பனையைப் போடுவதால் முதலீட்டாளர் அதன்படி கணக்குப் போடுவார். 41.2 கோடியை 1.08 லட்சத்தால் வகுத்தால் சுமார் ₹3,800, அதன் மேல் 540 என்பது 14%. அந்த 540-இல் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று மார்க்கெட்டிங்கில் கேட்டுவிட்டு, எது சரியோ அதை மேனேஜரிடம் கூட்டத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள். 11 என்பது 14 ஆவதைத்தான் அவர் அதிகம் எதிர்ப்பார், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.